எந்தத் தள்ளுபடிக்கு வரி குறையும்?

மிக்சி மொத்த வியாபாரி ஒருவர், ஊரில் உள்ள ஒரு கடைக்குப் பத்து மிக்சி அனுப்புகிறார். பட்டியல் விலை ஒன்று 4,000 ரூபாய், மொத்தம் 40,000. கடைக்காரருக்கு வழக்கமாகக் கொடுக்கும் 20 சதவீதத்தை, அதாவது 8,000 ரூபாயை, பில்லிலேயே கழித்துவிடுகிறார். இதுதான் வியாபாரத் தள்ளுபடி. மீதி 32,000 ரூபாய்க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 5,760 ரூபாய். பில் தொகை 37,760.

அதே பில்லின் அடியில், ‘10 நாளுக்குள் பணம் கொடுத்தால் 2 சதவீதம் தள்ளுபடி’ என்று அச்சிட்டிருக்கிறது. இது ரொக்கத் தள்ளுபடி. கடை வீதியில் ‘சி.டி.’ என்பார்கள். பில் போடும் நாளில் கடைக்காரர் பத்து நாளுக்குள் கொடுப்பாரா என்று யாருக்கும் தெரியாது. அதனால் அந்தத் தள்ளுபடியைப் பில்லில் கழிப்பதில்லை. வரி 32,000 ரூபாய்க்கே விழுகிறது.

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 15-ஆம் பிரிவு இந்த இரண்டு பெயர்களையும் வைத்து முடிவு செய்வதில்லை. விற்கும்போதோ அதற்கு முன்போ கொடுத்து, பில்லில் காட்டிய தள்ளுபடி வரிக்குரிய மதிப்பைக் குறைக்கும். ஆகவே கையோடு பணம் வாங்கிக்கொண்டு, ரொக்கத் தள்ளுபடியையும் பில்லிலேயே கழித்திருந்தால் அதற்கும் வரி கிடையாது.

நம் கடைக்காரர் எட்டாம் நாளே பணம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 32,000-க்கு 2 சதவீதம் 640 ரூபாய். இங்கே வியாபாரிக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, 640 ரூபாய்க்கு மட்டும் வரி சேர்க்காத கிரெடிட் நோட் கொடுப்பது. வரி மாறாது, கடைக்காரர் 37,120 ரூபாய் கொடுப்பார், 5,760 ரூபாய் உள்ளீட்டு வரி வரவும் அவருக்கு அப்படியே நிற்கும். மற்றொன்று, சட்டத்தின் நிபந்தனைகள் பொருந்தினால், வரியையும் குறைத்துக் கிரெடிட் நோட் போடுவது. அப்போது 640 ரூபாயோடு அதற்கான வரி 115 ரூபாய் 20 காசும் குறையும். ஆனால் கடைக்காரர் தான் எடுத்த வரி வரவிலிருந்து அதே 115 ரூபாய் 20 காசைத் திருப்ப வேண்டும்.

தகராறு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கடைக்காரர் பில்லின் மொத்தத் தொகையான 37,760-க்கு 2 சதவீதம் கணக்கிட்டு 755 ரூபாய் 20 காசைக் கழித்துக்கொண்டு பணம் அனுப்புவார். வியாபாரியோ 640-க்கு மட்டுமே கிரெடிட் நோட் போட்டிருப்பார். இரண்டு பேரேடுகளுக்கும் இடையே சரியாக 115 ரூபாய் 20 காசு இடிக்கும். வியாபாரி அரசுக்குக் கட்டிய வரி அது. கடைக்காரர் அதற்கு வரவும் எடுத்துவிட்டார். கணக்கு ஒத்துப்பார்க்கும்போது வித்தியாசம் தள்ளுபடியின் 18 சதவீதமாக இருந்தால் காரணம் இதுதான். ‘2 சதவீதம், வரிக்கு முந்தைய மதிப்பின் மேல்’ என்று பில்லில் ஒரு வரி சேர்த்து அச்சிட்டால் இந்தப் பேச்சே எழாது.