பேங்க் அலர்ட் எதுல வரணும்? எஸ்எம்எஸ், ஆப், மெயில், வாட்ஸ்அப்: எதுக்கு எது?

அக்கவுண்ட்ல இருந்து பணம் போனா நமக்கு ஒரு செய்தி வரும். அது எஸ்எம்எஸ்-ல வருதா, ஆப் நோட்டிஃபிகேஷனா வருதா, மெயில்ல வருதான்னு பெரும்பாலும் நாம கவனிக்கிறதே இல்ல. ஆனா திருட்டுத்தனமா பணம் போனா, அந்தச் செய்தியை நீங்க எப்போ பார்த்தீங்கங்கிறதுதான் உங்க நஷ்டம் எவ்வளவுன்னு முடிவு பண்ணும்.

கடிகாரம் எப்போ ஓட ஆரம்பிக்குது?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல ஒரு சுற்றறிக்கை வெளியிட்டுச்சு. உங்க தப்பும் இல்லாம, பேங்க் தப்பும் இல்லாம, வேற எங்கேயோ நடந்த கசிவால பணம் போயிருந்தா, பேங்கோட செய்தி கிடைச்சதிலிருந்து 3 வேலை நாளுக்குள்ள புகார் சொன்னால் உங்களுக்கு நஷ்டமே கிடையாது. 4 முதல் 7 வேலை நாளுக்குள்ள சொன்னால், சாதாரண சேமிப்புக் கணக்குல உங்க நஷ்டம் அதிகபட்சம் ₹10,000. அடிப்படை சேமிப்புக் கணக்குன்னா ₹5,000. 7 நாளைத் தாண்டினால் அந்தந்த பேங்கோட கொள்கைப்படிதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வியாழன் ராத்திரி 9 மணிக்கு ₹18,000 போயிடுச்சு, அப்பவே செய்தியும் வந்துடுச்சுன்னு வச்சுக்கோங்க. செய்தி வந்த நாள் கணக்குல சேராது. வெள்ளி முதல் நாள். அடுத்து வர்றது இரண்டாம் சனி, அன்னைக்கும் ஞாயித்துக்கிழமையும் பேங்க் லீவு. திங்கள் இரண்டாவது நாள், செவ்வாய் மூன்றாவது நாள். செவ்வாய்க்குள்ள சொன்னா முழுப் பணமும் திரும்ப வரணும். அதுக்கு அடுத்து வர்ற சனிக்கிழமை ஏழாவது நாள். அதுவரைக்கும் ₹10,000 வரை உங்க பொறுப்பு. அதுக்கப்புறம் போனா, ₹18,000-ல எவ்வளவு திரும்பும்னு விதி சொல்லாது.

ஓடிபியையோ பின் நம்பரையோ நீங்களே கொடுத்திருந்தா, புகார் சொல்ற வரைக்கும் போன பணம் உங்களோடது. சொன்ன பிறகு போனால்தான் பேங்கோட பொறுப்பு. அங்க நாள் கணக்கே இல்ல, ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

கம்பத்துல இருக்கிற அப்பா, சென்னையில இருக்கிற நீங்க

நீங்க சென்னையில வேலை பார்க்குறீங்க. அப்பா கம்பத்துல இருக்கார். ஏலக்காய்த் தோட்ட வேலைக்காகக் காலையில ஜீப்புல கம்பம்மெட்டு வழியா இடுக்கி பக்கம் ஏறிப் போறார். மலைமேல டேட்டா வர்றதும் போறதுமா இருக்கும். கையில பட்டன் போன். அவருக்கு எந்த அலர்ட் சரி?

ஆப் நோட்டிஃபிகேஷனுக்கு ஸ்மார்ட்போன், டேட்டா, ஆப்புக்கு அனுமதி, இந்த மூணும் வேணும். பேட்டரி மிச்சம் பண்றேன்னு போனே ஆப்பைத் தூங்க வச்சுட்டா, நோட்டிஃபிகேஷன் தாமதமாகும். வாட்ஸ்அப், மெயிலுக்கும் டேட்டா வேணும். எஸ்எம்எஸ்-க்கு டேட்டா தேவையில்ல. டவர் இல்லாத இடத்துல அப்பா இருந்தா, நெட்வொர்க்கோட எஸ்எம்எஸ் மையம் செய்தியைப் பிடிச்சு வச்சிருந்து, போன் டவருக்குள்ள வந்ததும் மறுபடி அனுப்பும். அவர் சாயங்காலம் மலை இறங்கும்போது 'டிங்'னு வந்து விழும். அதனால அவசரம்னா, எல்லார் கைக்கும் போய்ச் சேரணும்னா, எஸ்எம்எஸ்தான். ரிசர்வ் வங்கியும் எஸ்எம்எஸ் அலர்ட்டைக் கட்டாயம்னும், மெயிலைப் பதிவு பண்ணியிருந்தால் அனுப்பலாம்னும்தான் சொல்லியிருக்கு.

செலவு எங்க இடிக்குது?

எஸ்எம்எஸ்-க்கு அனுப்புற பேங்க் ஒவ்வொண்ணுக்கும் காசு கொடுக்கணும். இங்கிலீஷ்ல ஒரு எஸ்எம்எஸ்-ல 160 எழுத்து அடங்கும். தமிழ்ல எழுதினா 70 குறியீடுதான், அதுலயும் 'கொ' மாதிரி எழுத்து ரெண்டு குறியீடா எண்ணப்படும். அதே விஷயத்தைத் தமிழ்ல சொன்னா ரெண்டு மூணு எஸ்எம்எஸ் காசு ஆகும். பேங்க் செய்தி சுருக்கமா, இங்கிலீஷ்ல வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம். ஆப் நோட்டிஃபிகேஷனுக்கும் மெயிலுக்கும் செலவு ரொம்பக் குறைவு. அதனாலதான் சின்னத் தொகைகளை பேங்க் எஸ்எம்எஸ்-ல இருந்து நகர்த்துது. உதாரணமா ஹெச்டிஎஃப்சி பேங்க், 2024 ஜூன் 25 முதல், யுபிஐ-ல ₹100-க்குக் கீழ அனுப்பினாலும் ₹500-க்குக் கீழ வந்தாலும் எஸ்எம்எஸ் கிடையாதுன்னு அறிவிச்சது.

இங்கதான் ஒரு ஓட்டை. திருடன் சில சமயம் முதல்ல சின்னத் தொகை எடுத்துப் பார்த்துட்டுத்தான் பெருசா எடுப்பான். அந்தச் சின்னத் தொகைக்கு எஸ்எம்எஸ் வராம இருக்கலாம். அதனால உங்க போன்ல ஆப் நோட்டிஃபிகேஷனை ஆன் பண்ணி வைக்கணும்.

சில பேங்குல எஸ்எம்எஸ்-க்கு உங்ககிட்ட கட்டணம் வாங்குவாங்க. மூணு மாசத்துக்கு ₹15-ன்னு வச்சுக்கிட்டா, ஜிஎஸ்டி 18% சேர்த்து வருஷத்துக்கு ₹70.80. மேல பார்த்த ₹10,000-ஓட ஒப்பிட்டா, இதை மிச்சம் பண்றேன்னு நிறுத்துறது லாபமில்ல.

எஸ்எம்எஸ்-ஐ மட்டும் நம்பினா?

யாராவது உங்க பேர்ல டூப்ளிகேட் சிம் வாங்கிட்டா, அலர்ட் அவன் போனுக்குத்தான் போகும். வீட்டுல நல்லா டவர் இருக்கிற இடத்துல, மத்தவங்க போன் வேலை செய்ய, உங்க சிம் மட்டும் மணிக்கணக்கா 'No Service' காட்டினா, அதுதான் அடையாளம். அப்போ கை கொடுக்கிறது மெயில்தான், அது சிம்மோட கட்டுப்பட்டதில்ல. ரீசார்ஜ் பண்ணாம நம்பர் தூங்கினாலும் இதே நிலைமைதான். 90 நாள் பயன்பாடே இல்லாத நம்பரை கம்பெனி துண்டிக்கலாம். அப்பா போனை அடிக்கடி கவனிங்க.

அப்பா கணக்குக்கு அவர் சம்மதத்தோட ஒரு மெயில் ஐடி உருவாக்கி, அதை பேங்குல பதிவு பண்ணி, உங்க போன்லயும் லாகின் பண்ணி வைங்க. அவர் மலைமேல இருந்தாலும் நீங்க அலுவலகத்துல இருந்தே பார்ப்பீங்க.

வாட்ஸ்அப்பை பேலன்ஸ் பார்க்க, ஸ்டேட்மென்ட் வாங்க வச்சுக்கோங்க. "கேஒய்சி முடிஞ்சுடுச்சு, இந்த ஏபிகே ஃபைலை இன்ஸ்டால் பண்ணுங்க"-ன்னு பேங்க் லோகோவோட மோசடிச் செய்தி வர்றதும் அதே வாட்ஸ்அப்லதான். அங்க வர்ற எந்த லிங்கையும் அலர்ட்டா நினைச்சுத் தொடாதீங்க.

இன்னைக்கே சோதிச்சுப் பாருங்க

அப்பா கணக்குல இருந்து உங்களுக்கு ₹101 அனுப்பச் சொல்லுங்க. எஸ்எம்எஸ், மெயில் ஒவ்வொண்ணும் எத்தனை நிமிஷத்துல வந்துச்சுன்னு குறிச்சுக்கோங்க. மறுபடி ₹20 அனுப்பி, எது வரலைன்னு பாருங்க. ஒரு தடவை வீட்டுல, ஒரு தடவை தோட்டத்துல இருந்து. அஞ்சு நிமிஷ வேலை, ஆனா ஓட்டை எங்கன்னு தெரிஞ்சுடும்.

தெரியாத டெபிட் வந்தா முதல்ல பேங்கோட கஸ்டமர் கேர், அடுத்து 1930. புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி வைங்க. 3 நாளுக்குள்ள சொன்னீங்கன்னு நிரூபிக்கிறது அந்த எண்தான்.