ஆண்டு இறுதிக் கார் விளம்பரம்: ஒளிக்காமல் எழுதுவது எப்படி?

டிசம்பர் பிறந்ததும் கார் ஷோரூம் வாசல்களில் பெரிய பெரிய எண்கள் தொங்கத் தொடங்கும். 'ரூ. 1,00,000 வரை ஆதாயம்' என்ற பேனரைப் பார்த்து உள்ளே போகிறவருக்குக் கொட்டேஷன் கைக்கு வரும்போது தள்ளுபடி ரூ. 35,000 ஆகச் சுருங்கியிருக்கும். மீதி எங்கே என்று கேட்டால், "அதெல்லாம் எக்ஸ்சேஞ்ச் போட்டாத்தான் சார்" என்பார் விற்பனையாளர். பேனரில் இருந்தது பொய்யில்லை. ஆனால், அதைப் படித்தவருக்குக் கிடைத்த தகவல் தவறானது. இந்த இடைவெளி விழாமல் விளம்பரம் எழுத முடியும். அதற்குத் தேவை இரண்டு விவரங்கள்தான்: கார் எந்த மாதம், எந்த ஆண்டு தயாரானது, எந்த நிபந்தனையும் இல்லாமல் எல்லோருக்கும் எவ்வளவு குறைகிறது.

முதலில், இந்தத் தள்ளுபடி ஏன் டிசம்பரில் வருகிறது என்று பார்ப்போம். டீலர் பெரும்பாலும் வங்கிக் கடனில்தான் கார்களை வாங்கி யார்டில் நிறுத்துகிறார். ஒரு காருக்கு ரூ. 8,00,000 கடன், ஆண்டு வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கார் விற்காமல் நிற்கும் ஒவ்வொரு மாதமும் வட்டி மட்டும் ரூ. 6,000. ஜனவரி 1 பிறந்தால் இன்னொரு சுமையும் சேர்கிறது. தயாரிப்பு மாதமும் ஆண்டும் ஆர்.சி.யில் பதிவாகின்றன. பழைய கார் வாங்குபவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். டிசம்பர் 31 அன்று 'இந்த ஆண்டுக் கார்' ஆக இருந்தது, மறுநாள் காலை 'போன ஆண்டுக் கார்' ஆகிவிடுகிறது. வாங்குபவர் பின்னாளில் விற்கும்போது அடையப்போகும் அந்த இழப்பின் ஒரு பகுதியைத்தான் டீலரும் நிறுவனமும் முன்கூட்டியே தள்ளுபடியாகத் தருகிறார்கள். அதனால் தள்ளுபடியைச் சொல்லிவிட்டுத் தயாரிப்பு ஆண்டைச் சொல்லாமல் விடுவது, பாதிக் கணக்கை மறைப்பதாகும்.

ஆண்டை மட்டும் சொன்னாலும் போதாது. டிசம்பரில் யார்டில் நிற்கும் இரண்டு கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 2025 ஜனவரியில் தயாரானது, இன்னொன்று 2025 நவம்பரில். இரண்டையும் '2025 மாடல்' என்றே விளம்பரம் சொல்லும். ஆனால் முதல் கார் ஏறக்குறைய 11 மாதம் வெயிலிலும் மழையிலும் நின்றிருக்கலாம். பேட்டரி இறங்கியிருக்கலாம், ஒரே இடத்தில் நின்றதால் டயர் தட்டையாகியிருக்கலாம், ரப்பர் பாகங்கள் இறுகியிருக்கலாம். சரியாகப் பராமரித்திருந்தால் இவை பெரிய குறைகள் இல்லை, சரிசெய்துவிடலாம். ஆனால் இரண்டு காருக்கும் ஒரே தள்ளுபடி கொடுத்தால், முதல் காரை எடுப்பவருக்கு நஷ்டம். 'மாடல்' என்ற சொல் இன்னொரு குழப்பத்தையும் கொண்டுவருகிறது. நிறுவனம் புதுப்பித்து வெளியிடும் பதிப்பையும் மாடல் என்கிறோம், தயாரான ஆண்டையும் மாடல் என்கிறோம். '2025 மே மாதத் தயாரிப்பு' என்று எழுதிவிட்டால் குழப்பத்துக்கு இடமே இல்லை.

இனி அந்த ரூ. 1,00,000 எப்படி உருவாகிறது என்று பிரித்துப் பார்ப்போம். இது ஒரு மாதிரிக் கணக்கு. ஆனால் நடைமுறையில் சலுகைகள் அடுக்கப்படுவது இப்படித்தான். ரொக்கத் தள்ளுபடி ரூ. 35,000. எக்ஸ்சேஞ்ச் போனஸ் ரூ. 30,000. குறிப்பிட்ட நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கான கார்ப்பரேட் தள்ளுபடி ரூ. 5,000. சீட் கவர், மேட் போன்றவை அடங்கிய ஆக்சசரீஸ் ரூ. 15,000. கூடுதல் வாரன்டி ரூ. 15,000. கூட்டினால் சரியாக ரூ. 1,00,000.

இப்போது முதல் முறையாகக் கார் வாங்கும் ஒரு மளிகைக் கடைக்காரர் வருகிறார். அவரிடம் கொடுக்கப் பழைய கார் இல்லை, ரூ. 30,000 போனது. கார்ப்பரேட் அடையாள அட்டை இல்லை, ரூ. 5,000 போனது. ஆக்சசரீஸுக்கு எம்.ஆர்.பி.யில் ரூ. 15,000 போட்டிருக்கிறார்கள், வெளியில் அதே தரத்தில் குறைவான விலைக்குக் கிடைக்கலாம். அது அவருக்குப் பணமாகவும் வராது. வாரன்டி பயனுள்ளதுதான், ஆனால் அவர் அதைக் கேட்கவில்லை. அவர் கொடுக்க வேண்டிய தொகையில் உண்மையில் குறைந்தது ரூ. 35,000. விளம்பரத்தின் தலைப்பில் வர வேண்டிய எண் அதுதான்.

அதிகம் குழப்புவது எக்ஸ்சேஞ்ச் போனஸ். பழைய காருக்கு டீலர் போடும் மதிப்பு வேறு, போனஸ் வேறு. மதிப்புக்கு மேல் கூடுதலாகத் தரப்படுவதே போனஸ். விளம்பரங்களில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. 'உங்கள் பழைய காருக்கு ரூ. 30,000 கூடுதல்' என்று படித்ததும், வெளியில் கிடைக்கும் விலையைவிட ரூ. 30,000 அதிகம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது டீலர் போட்ட மதிப்பைவிட அதிகம், அவ்வளவுதான். வெளிச்சந்தையில் ரூ. 2,80,000 போகும் காருக்கு டீலர் ரூ. 2,45,000 மதிப்புப் போட்டு, அதன் மேல் ரூ. 30,000 போனஸ் கொடுத்தால், கைக்கு வருவது ரூ. 2,75,000. போனஸ் வாங்கிய பிறகும் ரூ. 5,000 நஷ்டம். அலைச்சலும் பெயர் மாற்ற வேலையும் மிச்சம் என்பதால் அந்த ரூ. 5,000-ஐ ஒருவர் மனமுவந்து விடலாம், அது அவர் விருப்பம். ஆனால் அதை 'சேமிப்பு' என்று விளம்பரத்தில் கூட்டக் கூடாது.

போனஸுக்கு வேறு நிபந்தனைகளும் உண்டு. பழைய காரின் ஆர்.சி. புதுக் கார் வாங்குபவர் பெயரிலோ நெருங்கிய குடும்பத்தினர் பெயரிலோ இருக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். பெயர் மாற்றம் முடிந்த ஆதாரம் கொடுத்த பிறகே தொகை வரும் என்பதும் உண்டு. காரை உடைப்புக்குக் கொடுத்தால் வரும் ஸ்கிராப் போனஸும் எக்ஸ்சேஞ்ச் போனஸும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று மாற்று. ஒரே பழைய காரைக் காட்டி இரண்டையும் வாங்க முடியாது. இரண்டையும் ஒரே 'மொத்த ஆதாயத்தில்' கூட்டினால், யாருக்குமே கிடைக்காத ஒரு தொகையை அச்சிட்டவர்கள் ஆகிறோம்.

இதற்குச் சட்டமும் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. விளம்பரத்தின் முக்கியக் கூற்றுக்கு முரணாக அடிக்குறிப்பு இருக்கக் கூடாது. முக்கியமான தகவலை அடிக்குறிப்பில் ஒளிக்கக் கூடாது. கூற்று எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் அடிக்குறிப்பும் இருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. தலைப்பைத் தமிழில் பெரிதாகப் போட்டுவிட்டு, நட்சத்திரக் குறிக்கு உரிய நிபந்தனையைப் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் போடும் பழக்கம் இந்த நெறிமுறைக்கு எதிரானது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை ரூ. 10 லட்சம் வரையும், அடுத்தடுத்த முறை ரூ. 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க அந்தச் சட்டத்தில் இடமுண்டு.

அதே ரூ. 1,00,000 சலுகையை நேர்மையாக எழுதினால் இப்படி இருக்கும்:

"2025 மே மாதத் தயாரிப்பு. பெட்ரோல், மேனுவல், நடுத்தர வேரியன்ட்.
எக்ஸ்-ஷோரூம் விலை ரூ. 9,00,000. எல்லோருக்கும் தள்ளுபடி ரூ. 35,000. நீங்கள் கொடுக்கும் எக்ஸ்-ஷோரூம் விலை ரூ. 8,65,000. சாலை வரி, பதிவு, காப்பீடு தனி.
விலையில்லாமல் சேர்த்துத் தருவது: சீட் கவர், மேட், கூடுதல் வாரன்டி.
பழைய கார் கொடுப்பவருக்கு மட்டும்: அதன் மதிப்புக்கு மேல் ரூ. 30,000. ஸ்கிராப் சலுகையுடன் சேராது. மதிப்பு பிடிக்கவில்லையென்றால் பழைய காரைக் கொடுக்காமலே ரூ. 35,000 தள்ளுபடியில் புதுக் காரை வாங்கலாம்.
பட்டியலிலுள்ள நிறுவன ஊழியர்களுக்கு மட்டும்: மேலும் ரூ. 5,000.
இருப்பு: 6 கார்கள். டிசம்பர் 31-க்குள் பில் போடும் கார்களுக்கு."

இதில் 'வரை' என்ற சொல்லே இல்லை. எல்லோருக்கும் கிடைப்பது முதலில் வருகிறது. கழித்த பிறகு மிஞ்சும் விலையும் எழுதப்பட்டிருக்கிறது, படிப்பவர் கணக்குப் போடத் தேவையில்லை. பொருளாகத் தருவது பணத்தோடு கூட்டப்படவில்லை. நிபந்தனையுள்ள ஒவ்வொரு சலுகையும் அது யாருக்கு என்பதைச் சொல்லித் தொடங்குகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஜனவரியில் விலை ஏறக்கூடும் என்பதைச் சேமிப்பில் சேர்க்கவில்லை. வராத விலையிலிருந்து கழித்துக் காட்டுவது சேமிப்பாகாது.

இப்படியொரு விளம்பரத்தை எழுதுபவர் ஷோரூமில் உட்கார்ந்துகொண்டு முடிக்க முடியாது, ஸ்டாக் யார்டுக்கு ஒரு நடை போக வேண்டும். ஒவ்வொரு காரிலும் 17 இலக்கச் சேசிஸ் எண் இருக்கும். பல நிறுவனங்களின் எண்ணில் 10ஆவது எழுத்து ஆண்டைக் குறிக்கும்: 'ஆர்' என்றால் 2024, 'எஸ்' என்றால் 2025, 'டி' என்றால் 2026. மாதத்துக்கான எழுத்து எந்த இடத்தில் வரும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், எல்லா நிறுவனமும் இந்த முறையைப் பின்பற்றுவதும் இல்லை. அதனால் சேசிஸ் எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வராமல், டீலரின் இருப்புப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கமும் உதவும். 1825 என்றிருந்தால் அந்த டயர் 2025-இன் 18ஆவது வாரத்தில் தயாரானது. காரின் தயாரிப்பு மாதமும் அதற்குப் பொருந்தி வர வேண்டும். டயர் தயாராகும் முன்பே கார் தயாராகியிருக்க முடியாது அல்லவா?

வாங்குபவர் தன் பக்கத்துக் கணக்கையும் போட வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகளில் காரை மாற்றுகிறவருக்குத் தயாரிப்பு ஆண்டு ஒன்று பின்தங்கினால் மறுவிற்பனையில் அடி விழும், கிடைத்த ரூ. 35,000 அதில் கரைந்துவிடலாம். பத்து ஆண்டு வைத்து ஓட்டுகிறவருக்கு அந்த வித்தியாசம் மங்கிப்போகும். தள்ளுபடி பெரும்பாலும் அவருக்கு முழு லாபமே. ஒரே காரும் ஒரே தள்ளுபடியும் ஒருவருக்கு லாபமாகவும் இன்னொருவருக்கு லாபமோ நஷ்டமோ இல்லாமலும் முடிவதால், தயாரிப்பு மாதத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்வது இருவருக்குமே தேவை.

இந்த டிசம்பரில் கார் வாங்கப் போகிறீர்கள் என்றால், முன்பணம் கட்டுவதற்கு முன் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: சேசிஸ் எண்ணோடு தயாரிப்பு மாதமும் ஆண்டும், பழைய கார் கொடுக்காவிட்டால் செலுத்த வேண்டிய முழு ஆன்ரோடு விலை, கொடுத்தால் அதன் மதிப்பும் போனஸும் தனித்தனியாக. பில் வரும்போது தள்ளுபடி அதில் ஏறியிருக்கிறதா என்றும், விற்பனைச் சான்றான ஃபார்ம் 21-இல் உள்ள தயாரிப்பு மாதம் உங்களிடம் சொன்னதோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். இந்த மூன்றையும் எழுதித் தரத் தயங்கும் ஷோரூமில் கையெழுத்துப் போடாதீர்கள்.