ஊட்டியிலிருந்து நான்கே சாலைகள்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏற இரண்டு மலைப்பாதைகள் உண்டு. ஒன்று குன்னூர் வழி, மற்றொன்று கோத்தகிரி வழி. குன்னூரையும் கோத்தகிரியையும் தனியாக ஒரு சாலை இணைக்கிறது. ஊட்டியைத் தாண்டினால் கூடலூருக்கு ஒரு சாலையும், கல்லட்டி வழியாக மசினகுடிக்கு ஒரு சாலையும் பிரிகின்றன. மசினகுடியிலிருந்து தெப்பக்காடு, அங்கிருந்து கூடலூர். கிளைச் சாலைகளை விட்டுவிட்டால், சுற்றுலா வருபவர்கள் பெரும்பாலும் சுற்றுவது இந்த ஏழு ஊர்களுக்கு இடையிலான ஒன்பது சாலைகளில்தான்.

இந்த வரைபடத்தைக் கணினிக்கு எப்படிச் சொல்வது? மலையின் வளைவுகளும் கொண்டை ஊசித் திருப்பங்களும் அதற்கு வேண்டாம். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு நேராகச் சாலை இருக்கிறது, எத்தனை கிலோமீட்டர் என்பது தெரிந்தால் போதும். இப்படிப் புள்ளிகளும் இணைப்புகளும் மட்டுமாகச் சுருக்கப்பட்ட வரைபடத்தைத்தான் கணினித் துறையில் கிராஃப் என்கிறார்கள்.

முதலில் யாருக்கும் தோன்றுவது ஒரு கட்டம் போட்ட அட்டவணை. ஏழு ஊர்களை மேலேயும் பக்கவாட்டிலும் எழுதி, இரண்டு ஊர் சந்திக்கும் கட்டத்தில் தூரத்தைக் குறிப்பது. டைரிகளின் பின்பக்கத்தில் வரும் தூர அட்டவணையும் இதே வடிவம்தான். இதற்கு மேட்ரிக்ஸ் என்று பெயர். ஏழு ஊர்களுக்கு 49 கட்டங்கள். ஒன்பது சாலைகளையும் போக ஒன்று, வர ஒன்று என எழுதினாலும் 18 கட்டங்கள்தான் நிரம்பும். மீதி 31 கட்டங்களும் ‘நேர்ச்சாலை இல்லை’ என்ற ஒரே செய்தியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லும்.

அட்ஜசென்ஸி லிஸ்ட் எனப்படும் அண்டைப் பட்டியல், இல்லாததை எழுதுவதே இல்லை. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வரி. அந்த ஊரிலிருந்து நேராகப் போகக்கூடிய ஊர்கள் மட்டும் அந்த வரியில் இடம்பெறும். தூரங்களைத் தோராயமாக எடுத்துக்கொண்டால், நீலகிரிப் பட்டியலின் முதல் நான்கு வரிகள் இப்படி இருக்கும்:

```
ஊட்டி: குன்னூர் 19, கோத்தகிரி 30, கூடலூர் 50, மசினகுடி 30
குன்னூர்: ஊட்டி 19, கோத்தகிரி 21, மேட்டுப்பாளையம் 33
கோத்தகிரி: ஊட்டி 30, குன்னூர் 21, மேட்டுப்பாளையம் 33
மேட்டுப்பாளையம்: குன்னூர் 33, கோத்தகிரி 33
```

ஏழு ஊர்களில் மிச்சமாகும் இடம் அற்பம். நியூயார்க் நகருக்குப் போனால்தான் வித்தியாசம் புரியும். மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் முறைகளைச் சோதிப்பதற்காக, அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் சாலைத் தரவிலிருந்து உருவாக்கப்பட்ட ஒரு தொகுப்பு இருக்கிறது. ‘9ஆவது டிமாக்ஸ் சவால்’ என்ற ஆய்வுப் போட்டிக்காக வெளியிடப்பட்டது. ஆய்வாளர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதில் நியூயார்க் நகரப் பகுதிக்கு 2,64,346 புள்ளிகள். போக, வர எனத் தனித்தனியாக எண்ணினால் 7,33,846 இணைப்புகள். மேட்ரிக்ஸ் போட்டால் கிட்டத்தட்ட 6,988 கோடி கட்டங்கள் வரும். கட்டத்துக்கு நான்கு பைட் என்றால் ஏறக்குறைய 280 ஜிபி. அதே நகரம் அண்டைப் பட்டியலாக ஏழு எம்பிக்குள் அடங்கிவிடுகிறது. செல்போனில் எடுக்கும் இரண்டு மூன்று படங்களின் அளவுதான் அது.

ஒரு புள்ளிக்குச் சராசரியாக மூன்று இணைப்புகள்கூட இல்லை என்பதே இதற்குக் காரணம். நியூயார்க் மட்டும் இப்படி இல்லை. சாலைகள் தரையில் கிடப்பவை. இரண்டு சாலைகள் குறுக்கிட்டால் அங்கே ஒரு சந்திப்பு பிறக்கிறது, அதுவும் ஒரு புள்ளியாகிவிடுகிறது. ஒன்றையொன்று வெட்டாத கோடுகளால் புள்ளிகளை இணைத்தால், எத்தனை கோடு போட முடியும் என்பதற்கு ஆய்லரின் சூத்திரம் ஒரு வரம்பைத் தருகிறது. `n` புள்ளிகளுக்கு அதிகபட்சம் `3n - 6` கோடுகள். அதாவது ஒரு புள்ளிக்குச் சராசரியாக ஆறுக்கும் குறைவான இணைப்புகள். மேம்பாலங்கள் இந்த விதியைக் கொஞ்சம் மீறும், ஆனால் கணக்கை மாற்றும் அளவுக்கு அவை எந்த நாட்டிலும் இல்லை. ஊர் பத்து மடங்கு பெரிதானால் சாலைகளும் ஏறக்குறைய பத்து மடங்குதான் பெருகும்; மேட்ரிக்ஸோ நூறு மடங்கு வீங்கும்.

இடத்தைவிட நேரத்தில் கிடைக்கும் லாபம் பெரியது. வழி தேடும் நிரல் ஒவ்வொரு புள்ளியிலும் நின்று கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இங்கிருந்து எங்கெல்லாம் போகலாம்? டச்சுக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட முறையும் இந்தக் கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறது. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு வழி தேடுவதாக வைத்துக்கொள்வோம். ஊட்டியின் வரியிலிருந்து குன்னூர் 19, கோத்தகிரி 30 என்ற தூரங்கள் கிடைக்கின்றன. அருகில் இருப்பது குன்னூர் என்பதால் அதன் வரியை அடுத்துப் பார்க்கிறது; மேட்டுப்பாளையம் 19 + 33 = 52. கோத்தகிரி வழியாகப் போனால் 63. எனவே 52 நிற்கிறது. நியூயார்க்கை மேட்ரிக்ஸில் வைத்திருந்தால், ஒரு சந்திப்பின் இரண்டு மூன்று அண்டைகளைக் கண்டுபிடிக்க 2,64,346 கட்டங்களையும் துழாவ வேண்டியிருக்கும்.

மே மாதத்தில் ஊட்டி சீசன் உச்சத்தில் இருக்கும்போது, குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் போக்குவரத்தை அமல்படுத்துவது வழக்கம். பட்டியலில் இதற்குப் பெரிய வேலை இல்லை. குன்னூரின் வரியிலிருந்து மேட்டுப்பாளையத்தையும், மேட்டுப்பாளையத்தின் வரியிலிருந்து கோத்தகிரியையும் எடுத்துவிட்டால் போதும். இறங்கும் வழிக்கு இப்போது விடை 63 கிலோமீட்டர். போகும் சாலையும் வரும் சாலையும் தனித்தனிப் பதிவுகளாக இருப்பதால்தான் இது முடிகிறது.

பிழை நுழைவதும் இங்கேதான். இருவழிச் சாலையைச் சேர்க்கும்போது ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு மறுபக்கத்தை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும். நிரல் எந்த எச்சரிக்கையும் தராமல் ஓடும். போகும்போது சரியான வழியைக் காட்டிவிட்டு, திரும்பும்போது மட்டும் ஊரைச் சுற்றி அனுப்பும். போகும் தூரமும் வரும் தூரமும் காரணமில்லாமல் வேறுபட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஒவ்வொரு பதிவுக்கும் எதிர்ப்பதிவு இருக்கிறதா, இல்லையென்றால் அது உண்மையிலேயே ஒருவழிச் சாலையா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பெரிய வழிகாட்டி மென்பொருள்கள் வரிகளைத் தனித்தனியாக வைப்பதில்லை. எல்லா வரிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நீளப் பட்டியலாக ஒட்டிவிட்டு, எந்த ஊரின் பகுதி எங்கே தொடங்குகிறது என்பதை இன்னொரு சிறு பட்டியலில் குறித்துக்கொள்கின்றன. ஊட்டிக்கு 0, குன்னூருக்கு 1 என்று எண் கொடுத்தால், எல்லாச் சாலைகளும் இருவழியாக உள்ள நாட்களில் நீலகிரிக்கு அது இப்படி அமையும்:

```
start = [0, 4, 7, 10, 12, 14, 16, 18]
```

குன்னூரின் பதிவுகள் 4இல் தொடங்கி 7க்கு முன் முடிகின்றன. இடம் இன்னும் மிச்சம், அடுத்தடுத்துப் படிப்பதால் வேகமும் அதிகம். ஆனால் நடுவில் ஒன்றை எடுத்தால் பின்னால் உள்ள அனைத்தையும் நகர்த்த வேண்டும். அதனால் சீசனில் அடைக்கப்படும் சாலையை நீக்காமல், அதன் தூரத்தை எட்டமுடியாத அளவுக்குப் பெரிய எண்ணாக மாற்றி வைப்பது எளிது. நிரல் அந்தப் பக்கம் போகாது; சீசன் முடிந்ததும் பழைய எண்ணைத் திருப்பி எழுதினால் போதும்.

பட்டியல் தடுமாறும் கேள்வியும் ஒன்று உண்டு. ஊட்டிக்கு எங்கிருந்தெல்லாம் வரலாம் என்று கேட்டால், எல்லா ஊர்களின் வரிகளையும் புரட்ட வேண்டியிருக்கும். போகும் முனையிலிருந்தும் சேரும் முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் தேடும் மென்பொருள்கள், இதற்காக உள்வரும் சாலைகளுக்கும் தனியாக ஒரு பட்டியலை வைத்துக்கொள்கின்றன.

மேட்ரிக்ஸுக்கும் இதே வேலையில் ஓர் இடம் உண்டு. ஒரு கூரியர் வேன் நாற்பது வீடுகளுக்குப் போக வேண்டும் என்றால், எந்த வரிசையில் போவது என்று முடிவெடுக்க ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மற்ற எல்லா வீடுகளுக்குமான தூரம் வேண்டும். அங்கே காலிக் கட்டமே இருக்காது. நகரத்தின் அண்டைப் பட்டியலில் தேடி அந்தத் தூரங்களைக் கண்டுபிடித்து, 40க்கு 40 என 1,600 கட்டங்கள் கொண்ட மேட்ரிக்ஸில் எழுதிக்கொண்ட பிறகே வரிசை போடும் வேலை தொடங்குகிறது.