அலெக்சாண்டரின் ஒரு டாலர்

ஏழு வயதுப் பிள்ளைக்குப் பணத்தைப் பற்றிச் சொல்ல நல்ல புத்தகம் ஒன்று: ஜூடித் வியார்ஸ்ட் 1978-இல் எழுதிய ஆங்கிலப் படக்கதை, ‘அலெக்சாண்டர், ஹூ யூஸ்ட் டு பி ரிச் லாஸ்ட் சண்டே’. தாத்தா பாட்டி ஒரு டாலர் தருகிறார்கள். வாக்கி டாக்கி வாங்கச் சேர்த்து வைக்கத்தான் அலெக்சாண்டருக்கு ஆசை. ஆனால் காசு கரைந்துகொண்டே போகிறது.

தமிழில் சொல்லிக்கொண்டே வாசியுங்கள். பக்கத்தில் நூறு புளியங்கொட்டைகளை எண்ணி வையுங்கள், ஒரு கொட்டை ஒரு சென்ட். பபிள்கம்முக்குப் பதினைந்தை எடுக்கச் சொல்லுங்கள். பந்தயத்தில் தோற்றதற்கு இன்னும் பதினைந்து, பாம்பை வாடகைக்கு எடுத்ததற்குப் பன்னிரண்டு. மிச்சம் 58. பக்கத்தைப் புரட்டும் முன் பிள்ளையே எண்ணட்டும். காசு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தீர்கிறது என்பது குவியல் சுருங்கும்போதுதான் அதன் கண்ணுக்குத் தெரியும்.

முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி போதும்: “இதுல எந்தச் செலவு அவனுக்குப் பிடிச்சிருக்கும்?” சில பிள்ளைகள் பாம்பைச் சொல்லும். அதை மறுக்காதீர்கள், ஆசைப்பட்டுச் செலவழிப்பதும் செலவுதான். பந்தயத்தில் போன காசுக்கு என்ன கிடைத்தது என்று அதுவாகவே கேட்டால், கதை புரிந்துவிட்டது. “நீயும் இப்படித்தான்” என்று நடுவில் சொன்னால் மட்டும் காரியம் கெடும். அடுத்த முறை புத்தகத்தைத் தொடாது.

எப்படிச் சேமிப்பது என்று இந்தக் கதை காட்டுவதில்லை. அதற்கு வீட்டு உண்டியலும் வாராவாரம் கொஞ்சம் கைக்காசும் வேண்டும்.