போன வருடம் பூஜ்ஜியம் என்றால் வளர்ச்சி எத்தனை சதவீதம்?

2020 ஏப்ரலில் மாருதி சுசூகி நிறுவனம் இந்தியச் சந்தையில் ஒரு கார்கூட விற்கவில்லை. நாடு முழுக்க ஊரடங்கு. ஷோரூம்களும் தொழிற்சாலைகளும் மூடிக் கிடந்தன. துறைமுகம் மறுபடி இயங்கத் தொடங்கியதும் 632 கார்கள் மட்டும் வெளிநாட்டுக்குப் போயின. அடுத்த வருடம், 2021 ஏப்ரலில், உள்நாட்டில் 1,37,151 வண்டிகள் விற்றன, 17,237 ஏற்றுமதியாயின.

இந்த எண்களை ஒரு எக்செல் தாளில் போட்டு, கடைசி நெடுவரிசையில் 'முந்தைய ஆண்டைவிட எத்தனை சதவீதம் மாற்றம்' என்று கணக்கிடச் சொன்னால் என்ன வரும்? ஏற்றுமதிக்கு 2,627 சதவீதம் என்று வரும். உள்நாட்டு விற்பனைக்கு எதிரே `#DIV/0!` என்று வந்து நிற்கும்.

காரணம் எளியது. சதவீத மாற்றம் என்பது இந்த வருட எண்ணிலிருந்து போன வருட எண்ணைக் கழித்து, மிச்சத்தைப் போன வருட எண்ணால் வகுப்பது. போன வருட எண் பூஜ்ஜியம் என்றால் வகுக்க வழியில்லை. எத்தனை பூஜ்ஜியங்களைக் கூட்டினால் 1,37,151 வரும் என்ற கேள்விக்கு விடை கிடையாது. எக்செல் அதை நேர்மையாகவே சொல்கிறது. சிக்கல், அந்தப் பிழைச்செய்தியை நாம் மறைக்கப் போகும்போதுதான் தொடங்குகிறது.

அறிக்கை அச்சுக்குப் போக வேண்டும், தாளில் பிழைச்செய்தி தெரியக்கூடாது என்றதும் பெரும்பாலானவர்கள் கை வைப்பது `IFERROR` என்ற சூத்திரத்தில்.

```
=IFERROR((C2-B2)/B2,0)
```

பிழை வந்தால் 0 போடு என்று அர்த்தம். தாள் சுத்தமாகிவிடும். ஆனால் அந்தக் கட்டத்தில் இப்போது 0% என்று இருக்கிறது. படிப்பவர் அதை 'போன வருடம் விற்ற அளவே இந்த வருடமும் விற்றது' என்றுதான் எடுத்துக்கொள்வார். ஒன்றேகால் லட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் விற்ற மாதத்துக்கு 'மாற்றமில்லை' என்று பொருள் வந்துவிடுகிறது. இன்னும் சிலர் பூஜ்ஜியத்துக்குப் பதில் 1 என்று வைத்து வகுப்பார்கள். அப்போது வளர்ச்சி 1,37,15,000 சதவீதம். நாம் இட்டுக்கட்டிய அந்த ஒற்றைக் காரிலிருந்து பிறந்த எண் அது. 100% என்று போடுவோரும் உண்டு. 100% என்றால் இரண்டு மடங்கானது என்று அர்த்தம். எது இரண்டு மடங்கானது?

`IFERROR` செய்யும் இன்னொரு கெடுதல் வெளியே தெரியாது. பூஜ்ஜியப் பிழையை மட்டுமின்றி எல்லாப் பிழைகளையும் அது ஒரே போர்வையில் மூடிவிடும். யாரோ ஒருவர் விற்பனைக் கட்டத்தில் எண்ணுக்குப் பதில் 'வரவில்லை' என்று தட்டியிருந்தாலும் 0%தான். வேறு தாளுக்குப் போகும் இணைப்பு அறுந்துபோயிருந்தாலும் 0%தான்.

பூஜ்ஜியத்தைவிட ஆபத்தானது காலிக் கட்டம். பூஜ்ஜியம் என்பது ஒரு தகவல்: எண்ணிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. காலி என்றால் யாரும் எண்ணவில்லை, அல்லது எண்ணியது நம் கைக்கு வரவில்லை. எக்செல் இந்த இரண்டையும் கணக்குப் போடும்போது ஒன்றாகவே பார்க்கிறது. காலிக் கட்டத்தை 0 என்று எடுத்துக்கொண்டுதான் வகுக்கப் போகிறது. எனவே இரண்டுக்கும் வருவது அதே `#DIV/0!`.

இந்த வேறுபாட்டையும் அதே ஏப்ரல் மாதம் நமக்குக் காட்டியது. ஊரடங்கால் கடைகளுக்குப் போய் விலை விசாரிக்கும் வேலை 2020 மார்ச்சில் நின்றது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஏப்ரல், மே மாதங்களுக்கான சில்லறை விலைக் குறியீட்டு எண்ணை முழுமையாக வெளியிடவில்லை. அந்த மாதங்களில் விலை இல்லாமல் போகவில்லை. விலையைக் குறித்துக்கொள்ள ஆள் போகவில்லை. பிறகு ஜூலையில் அந்த இரண்டு மாதங்களுக்கும் மதிப்பிட்டு நிரப்பிய எண்களை அலுவலகம் வெளியிட்டது. ரிசர்வ் வங்கியின் நிதிக் கொள்கைக் குழு ஆகஸ்ட் கூட்டத்தில், தன் முடிவுகளுக்கு அந்த இரண்டு மாதங்களைத் தொடரில் விழுந்த முறிவாகக் கருதலாம் என்றது. நிரப்பப்பட்ட எண்ணை நிரப்பப்பட்டது என்று சொல்லியே வெளியிட்டதால்தான் குழுவால் அப்படி முடிவெடுக்க முடிந்தது. எந்தக் குறிப்பும் இல்லாமல் ஒரு எண்ணாக அது தாளில் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆகவே நமக்கு வேண்டிய நெடுவரிசை மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். இரண்டு வருடத்து எண்களும் உண்மையில் இருக்கின்றனவா? இருந்தால், போன வருட எண் பூஜ்ஜியத்துக்கு மேலா? இல்லையென்றால், இரண்டுமே பூஜ்ஜியமா?

```
=IF(COUNT(B2:C2)<2,"தரவு இல்லை",
 IF(B2>0,C2/B2-1,
 IF(C2=B2,"–","0-இலிருந்து")))
```

B-யில் போன வருடம், C-யில் இந்த வருடம். `COUNT` எண்களை மட்டுமே எண்ணும். காலியையும் எழுத்தையும் விட்டுவிடும். இரண்டு எண்கள் இல்லையென்றால் 'தரவு இல்லை' என்று வரும். போன வருடம் பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்தால் வழக்கமான சதவீதம். இரண்டும் பூஜ்ஜியம் என்றால் வெறும் கோடு. பூஜ்ஜியத்திலிருந்து கிளம்பியது என்றால் அதையே எழுதிவிடுகிறது. 'புதிது' என்று போடுவதைவிட இது நல்லது என்பது என் எண்ணம். மாருதி ஒன்றும் 2021-இல் புதிதாகக் கார் விற்கத் தொடங்கவில்லையே.

'தரவு இல்லை' என்று வரும் வரிசைகளை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது அவசியம். கட்டத்தில் 1200 என்று தெரிந்தும் 'தரவு இல்லை' என்று வந்தால், அந்த 1200 எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. வேறு மென்பொருளிலிருந்து இறக்கிய தாள்களில் இது சாதாரணம். எதிர்ப்புறமான ஆபத்தும் உண்டு. சில மென்பொருள்கள் பதிவே இல்லாத மாதத்துக்கும் 0 என்று நிரப்பி அனுப்பும். முன்னும் பின்னும் லட்சங்களில் ஓடும் கடைக்கு நடுவில் ஒரு மாதம் மட்டும் 0 என்றால், அந்த மாதம் கடை மூடியிருந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் அந்தப் பூஜ்ஜியத்தை நம்ப வேண்டும். இதைச் சூத்திரம் கண்டுபிடிக்காது. லாப நட்டக் கணக்குக்கும் இந்தச் சூத்திரம் போதாது. போன வருடம் 50 லட்சம் நட்டம், இந்த வருடம் 50 லட்சம் லாபம் என்றால் சாதாரண வகுத்தல் −200% என்று சொல்லும், ஏதோ பாதாளத்துக்குப் போய்விட்டதைப் போல. அங்கே 'நட்டத்திலிருந்து லாபம்' என்று சொற்களில் எழுதுவதே சரி.

வரிசைகள் சரியாகிவிட்டன. பெரிய தவறு நடப்பது அடியில் இருக்கும் மொத்த வரிசையில்தான். ஒரு ஜவுளிக்கடைக்கு நான்கு ஊர்களில் கிளைகள் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஏப்ரலில் மதுரையில் 8 லட்சம், 2025 ஏப்ரலில் 10 லட்சம்: 25% ஏற்றம். திண்டுக்கல்லில் 5 லட்சம் 4 லட்சமாகிவிட்டது: 20% இறக்கம். தேனிக் கிளை 2024-இல் கிடையாது, ஆகவே 0. இப்போது 3 லட்சம். விருதுநகர்க் கிளை போன வருடமும் நடந்தது, ஆனால் அந்த மாதக் கணக்கு கிடைக்கவில்லை, கட்டம் காலி. இந்த வருடம் 6 லட்சம்.

இரண்டு நெடுவரிசைகளையும் அப்படியே கூட்டினால் 13 லட்சம் 23 லட்சமாகிவிட்டது, வளர்ச்சி 76.9%. முதலாளி மகிழ்ந்துபோவார். ஆனால் விருதுநகரின் 6 லட்சம் இந்த வருடப் பக்கத்தில் மட்டும் ஏறியிருக்கிறது. போன வருடம் அங்கே வியாபாரமே இல்லை என்று கணக்கு சொல்கிறது. அந்தக் கிளையை இரண்டு பக்கமும் நீக்கினால் 13-லிருந்து 17, அதாவது 30.8%. இதில் தேனி சேர்ந்திருக்கிறது, சேர்வதும் நியாயம். அங்கே போன வருடம் விற்பனை நிஜமாகவே பூஜ்ஜியம். பழைய கடைகள் எப்படி நடக்கின்றன என்று மட்டும் பார்க்க விரும்பினால் தேனியையும் நீக்க வேண்டும்: 13-லிருந்து 14, வெறும் 7.7%. `IFERROR` போட்டு வந்த நான்கு சதவீதங்களுக்குச் சராசரி எடுத்திருந்தாலோ, 25, −20, 0, 0 சேர்ந்து 1.25% என்று வந்திருக்கும். அது எந்தக் கேள்விக்கும் விடை இல்லை.

30.8% வேண்டுமென்றால் மொத்த வரிசையில் இப்படி எழுதலாம்.

```
=SUMIFS(C2:C5,B2:B5,">=0")
 /SUMIFS(B2:B5,C2:C5,">=0")-1
```

ஒரு பக்கம் எண் இருக்கும் கிளைகளை மட்டும் மறுபக்கம் கூட்டு என்பது இதன் பொருள். காலிக் கட்டம் `>=0` என்ற நிபந்தனைக்குள் வராது. முதல் வரியில் `>=0` என்பதை `>0` என்று மாற்றினால் தேனியும் நீங்கி 7.7% வரும். ஒரு சமக்குறி நீங்கியதும் 23 சதவீதப் புள்ளிகள் குறைகின்றன. ஆகவே எந்த மொத்தத்தைக் காட்டுகிறோம், எந்தக் கிளை அதில் இல்லை என்று அட்டவணையின் கீழே ஒரு வரி எழுதாமல் இதை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

மாருதியின் ஏற்றுமதி எண்ணுக்குத் திரும்புவோம். 632-லிருந்து 17,237, சூத்திரம் தரும் 2,627% கணக்குப்படி சரி. ஆனால் அதில் பெரும்பகுதி 2020-இன் கதை, 2021-இன் கதை அல்ல. அடிப்படை எண் பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க சதவீதம் இப்படித்தான் வெடிக்கும். 632-க்குப் பதில் 316 கார்கள் போயிருந்தால் அது 5,355% ஆகியிருக்கும். இந்த மாதிரி இடங்களில் ஒரு குறைந்தபட்ச அடிப்படையை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, அதற்குக் கீழே சதவீதத்துக்குப் பதில் '16,605 அதிகம்' என்று எண்ணிக்கை வித்தியாசத்தைக் காட்டுவது நல்லது. அல்லது ஒரு வருடம் தாண்டி 2019 ஏப்ரலோடு ஒப்பிடலாம். அந்தச் சமயத்தில் பலரும் அப்படித்தான் ஒப்பிட்டார்கள்.

தேனிக் கிளையின் சிக்கல் அடுத்த வருடம் இன்னும் நுட்பமாகிறது. அது 2025 ஏப்ரல் 20 அன்று திறக்கப்பட்டது என்றால், அந்த 3 லட்சம் 11 நாள் விற்பனை. 2026 ஏப்ரலில் முழு மாதமும் நடந்து 8 லட்சம் விற்றால், B-யில் பூஜ்ஜியமும் இல்லை, காலியும் இல்லை. நம் சூத்திரம் எந்தத் தயக்கமும் இல்லாமல் 166.7% வளர்ச்சி என்று எழுதும். நாள் கணக்கில் பார்த்தால் 2025-இல் தினம் 27,273 ரூபாய், 2026-இல் தினம் 26,667 ரூபாய்: வியாபாரம் 2.2% இறங்கியிருக்கிறது. தாளில் ஒவ்வொரு கிளைக்கும் திறந்த தேதிக்கென்று ஒரு நெடுவரிசை வைத்து, போன வருடத்தின் அதே மாதம் முழுக்க நடக்காத கிளைக்குச் சதவீதம் போடாமல் விட்டால்தான் இது பிடிபடும்.