பிடிக்கவில்லையா, திருப்பி அனுப்புங்கள்!

இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ சேலை வாங்கிப் பழகியவர்களுக்கு இந்த வரி மனப்பாடமாகவே இருக்கும்: ‘நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச். டேமேஜ் இருந்தால் மட்டும் மாற்றித் தரப்படும். அன்பாக்சிங் வீடியோ கட்டாயம்.’ பணம் கட்டும்வரை விற்பவரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. படத்தில் அரக்காகத் தெரிந்த சேலை பார்சலைப் பிரித்ததும் காவியாக இருக்கும்போதுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. அதற்குள் பணம் ஒருவரிடம், சேலை இன்னொருவரிடம். இருவருக்கும் மனஸ்தாபம்.

நான் மதுரையிலிருந்து சுங்குடியும் கைத்தறிப் பருத்திச் சேலைகளும் ஆன்லைனில் விற்கிறேன். ஒவ்வொரு சேலைப் படத்தோடும் திருப்பி எடுக்கும் விதிகளையும் சேர்த்தே போடுகிறேன். அவை இவ்வளவுதான்:

சேலை உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 7 நாட்களுக்குள் ‘வேண்டாம்’ என்று ஒரு செய்தி அனுப்பினால் திருப்பி எடுத்துக்கொள்வேன். காரணம் சொல்ல வேண்டாம். சேலை கட்டாமல், துவைக்காமல், ஃபால் தைக்காமல், பிளவுஸ் துணி வெட்டாமல் இருக்க வேண்டும். திருப்பி அனுப்பும் கூரியர் செலவு உங்களுடையது.

கிழிசல், கறை, மாறி வந்த சேலை, படத்தில் இல்லாத நிறம் என்றால் தவறு என்னுடையது. 30 நாள் வரை சொல்லலாம். ஃபால் தைத்திருந்தாலும் எடுத்துக்கொள்வேன். போக வர இரண்டு கூரியர் செலவும் என்னுடையது.

வேறு சேலையா, பணமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். பணம் என்றால், சேலை என்னிடம் வந்து சேர்ந்த 2 வேலை நாட்களுக்குள் நீங்கள் கட்டிய அதே கணக்குக்கு வந்துவிடும்.

இதில் நட்சத்திரக் குறி இல்லை. ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்ற வால் இல்லை. ஒவ்வொரு வரியும் ஏன் இப்படி இருக்கிறது என்று சொன்னால், வேறு எங்கே வாங்கும்போதும் எதைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று உங்களுக்குப் பிடிபடும்.

எது குறை, எது குறை இல்லை?

விதியை இரண்டாகப் பிரித்திருப்பதற்குக் காரணம் உண்டு. பிடிக்காமல் திருப்புவது வேறு, குறைக்காகத் திருப்புவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பும்போதுதான் சண்டை வருகிறது.

நல்ல சேலை பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பி எடுத்தே ஆக வேண்டும் என்று நம் நாட்டில் பொதுவான சட்டம் இல்லை. அது விற்பவர் தானாகத் தரும் வசதி. அதனால் 7 நாள், கூரியர் செலவு என்று அவர் வரம்பு வைக்கலாம். குறையுள்ள பொருள் விஷயம் அப்படி அல்ல. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020 தெளிவாகச் சொல்கின்றன: பொருள் குறையுள்ளதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால் திருப்பி எடுக்கவோ பணத்தைத் தரவோ மறுக்கக் கூடாது. சொன்ன தேதிக்குப் பின்னால் வந்து சேர்ந்தாலும் அப்படித்தான்; இயற்கைச் சீற்றம் போல யார் கையிலும் இல்லாத காரணத்துக்கு மட்டும் விலக்கு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் காலக்கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் என்று அதுவே வரையறுக்கிறது. என் விதியில் உள்ள 30 நாள் அங்கிருந்து வந்ததுதான்.

குறை என்றால் என்ன என்பதையும் சேலையை வைத்தே சொல்ல வேண்டும். சுங்குடியில் துணியைச் சிறு சிறு முடிச்சாக நூலால் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சு அவிழ்த்த இடத்தில் புள்ளி விழும். கையால் கட்டுவதால் ஒரு புள்ளி போல இன்னொன்று இருக்காது. அது குறை இல்லை. ஆனால் கையால் கட்டியது என்று விலை வாங்கிக்கொண்டு அச்சில் அடித்த சுங்குடியை அனுப்பினால் அது குறை. அச்சுச் சேலையை விற்பது தப்பில்லை. அச்சு என்று சொல்லித்தான் விற்க வேண்டும். அதே மாதிரி, கைத்தறியில் அங்கங்கே நூல் கொஞ்சம் தடித்திருப்பது நெசவின் இயல்பு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நூல் அறுந்து ஓட்டை தெரிவது குறை.

சாயத்துக்கும் இதே கணக்குத்தான். அடர்நிறப் பருத்தி முதல் தண்ணீரில் கொஞ்சம் சாயம் விடும். அதனால்தான் பச்சைத் தண்ணீரில் தனியாக அலசச் சொல்கிறோம். அப்படி அலசிய பிறகும் உடலின் சாயம் பார்டரில் ஏறிவிட்டால் அது என் பொறுப்பு. துவைத்த சேலை என்று சொல்லி அதைத் தட்டிக்கழிக்க முடியாது, துவைத்தால்தானே அந்தக் குறை தெரியும்! ஃபால் தைத்திருந்தாலும் எடுப்பேன் என்பதும் இதனால்தான். முந்தானை மடிப்புக்குள் இருக்கும் ஓட்டை பல நேரம் டெய்லர் கண்ணில்தான் முதலில் படுகிறது.

நிறத்தில் மட்டும் நியாயமான சந்தேகம் வரும். ஒவ்வொரு போன் திரையும் ஒவ்வொரு விதமாகக் காட்டும். ‘சிறு நிற வேறுபாடு இருக்கலாம்’ என்று எழுதிவிட்டால் எதையும் அனுப்பலாம் என்று ஆகிவிடுகிறது. அதற்குப் பதில் நான் பகல் வெளிச்சத்தில் ஃபில்டர் போடாமல் படம் எடுத்து, அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என்று நிறத்தின் பெயரையும் எழுதுகிறேன். வந்த சேலை அந்தப் பெயருக்கு ஒத்துவரவில்லை என்றால் தவறு என்னுடையது. நிறம் அதுதான், ஆனால் மனதுக்கு ஒட்டவில்லை என்றால் அது பிடிக்காத கணக்கில் சேரும்.

நாளும் பணமும்

‘7 நாள்’ என்று மட்டும் எழுதினால் பாதி விதிதான். எந்த நாளிலிருந்து எண்ணுவது? ஆர்டர் போட்ட நாளிலிருந்து என்றால், கூரியர் வந்து சேர்வதற்குள்ளேயே பாதி ஓடிவிடும். 7 நாளுக்குள் என்ன செய்ய வேண்டும்? சேலை திரும்ப என் கைக்கு வர வேண்டும் என்றால், வழியில் கூரியர் தாமதிப்பதற்கு வாங்கியவர் பொறுப்பாகிவிடுவார். அதனால்தான் ‘கைக்கு வந்த நாளிலிருந்து’ என்றும் ‘செய்தி அனுப்பினால் போதும்’ என்றும் எழுதியிருக்கிறேன்.

பணக் கணக்கை ஒரு உதாரணத்தில் பார்ப்போம். சேலை 1,450 ரூபாய், கூரியர் 80 ரூபாய். நீங்கள் கட்டியது 1,530. சேலை பிடிக்கவில்லை என்று 80 ரூபாய் செலவழித்துத் திருப்பி அனுப்பினால் உங்களுக்கு 1,450 வரும். உங்களுக்குக் கைச்செலவு 160 ரூபாய். அதே சேலையில் ஓட்டை இருந்தால், 1,530 ரூபாயோடு நீங்கள் திருப்பி அனுப்பிய 80 ரூபாயும் சேர்த்து 1,610 வரும். உங்களுக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. பிடிக்காத சேலைக்குப் பதில் 1,700 ரூபாய்ச் சேலை வேண்டும் என்றால், விலை வித்தியாசம் 250, புதுச் சேலை வரும் கூரியர் 80 என்று 330 அனுப்பினால் போதும். இந்தக் கணக்கை வாங்கும் முன்பே காட்டிவிட்டால் பிறகு பேச எதுவும் இருக்காது. திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பதும் 2020 விதிகளில் இருக்கிறது.

பணத்துக்குப் பதில் ‘கிரெடிட் நோட்’ தருவது இந்தத் தொழிலில் சகஜம். அந்தத் தொகைக்கு அவரிடமே வேறு ஏதாவது வாங்கிக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் திருப்பும்போது, முன்பே சொல்லியிருந்தால் அது ஒரு ஏற்பாடு. குறையுள்ள பொருளுக்குக் கட்டிய பணத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இன்னொன்று: பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி யாராவது க்யூஆர் கோடு அனுப்பினாலோ யுபிஐ பின் போடச் சொன்னாலோ செய்யாதீர்கள். பணம் வாங்கப் பின் தேவையே இல்லை. பின் போட்டால் உங்கள் பணம்தான் போகும்.

கட்டிய சேலை சொல்லும் கதை

“வாரம் பூரா கட்டிட்டுத் திருப்பி அனுப்பிட்டா என்ன பண்ணுவீங்க அக்கா?” என்று புதிதாக விற்க வருபவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். கட்டிய பருத்திச் சேலை தானே சொல்லிவிடும். புதுச் சேலையில் கஞ்சி மொடமொடப்பாக இருக்கும். ஒரு மணி நேரம் கட்டினாலும் கொசுவம் வரும் இடத்தில் அது உடைந்து கசங்கிவிடும். எப்படி அயர்ன் செய்தாலும் பழைய விறைப்பு வராது. தோளில் பின் குத்திய இடத்தில் இரண்டு சிறு துளைகள் தெரியும். ஃபால் பிரித்திருந்தால் கீழ் ஓரத்தில் ஊசித் தடம் வரிசையாக நிற்கும். மடிப்பைப் பிரித்தாலே சென்ட் வாசனையும் சாம்பிராணி வாசனையும் வரும். விரித்து, மேலே போட்டுக் கண்ணாடியில் பார்த்ததற்கு இதில் எந்தத் தடமும் விழாது. கடையில் அப்படிப் பார்க்கத்தானே செய்வோம்? வீட்டிலும் தாராளமாகப் பார்க்கலாம்.

அன்பாக்சிங் வீடியோவை நான் கட்டாயமாக்காததற்கும் இதுதான் காரணம். வீடியோ இருந்தால் இருவருக்கும் நல்லது. குறை வந்த வழி உடனே தெரியும். ஆனால் வீடியோ இல்லாததாலேயே ஓட்டைச் சேலை நல்ல சேலை ஆகிவிடாது. சட்டத்திலும் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. நிரூபிக்கும் பாரத்தை வாங்குபவர் தலையில் கட்டுவதைவிட, அனுப்பும்முன் நான் ஒவ்வொரு சேலையையும் கம்பில் விரித்துப் போட்டு, முந்தானையிலிருந்து மறுமுனை வரை வீடியோ எடுத்து வைத்துக்கொள்கிறேன். கேட்டால் அனுப்புகிறேன். அந்த வேலையை விற்பவர் செய்தால் பாதிக் குறைகள் பார்சலுக்குள் போவதே இல்லை.

அடுத்த முறை ஒரு சேலைக்குப் பணம் அனுப்பும்முன் விற்பவரிடம் நான்கு கேள்விகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எத்தனை நாள், எந்த நாளிலிருந்து? கூரியர் யார் செலவு? பணமா, கிரெடிட் நோட்டா? குறை இருந்தால் என்ன செய்வீர்கள்? பதில் தெளிவாக வந்தால் வாங்குங்கள். குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க யாராவது மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால், விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்க 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது.