பாட்டைக் கேட்பது யாருக்குத் தெரியும்?

ஸ்பாட்டிஃபை செயலியில் ஒருவர் கேட்கும் பாட்டு இரண்டு இடங்களுக்குப் போகிறது. ஒன்று, அவரைப் பின்தொடரும் நண்பர்களின் திரை. மற்றொன்று, அவர் ரசனையைக் கணித்துப் பரிந்துரை தயாரிக்கும் கணக்கு. அமைப்புகளில் 'Listening activity' பகிர்வை அணைத்தால் முதல் வழி மட்டுமே அடைபடும்; பரிந்துரைக் கணக்கு வழக்கம்போல் ஓடும்.

'Private session' இரண்டையும் தொடுகிறது. நண்பர்களுக்கு எதுவும் தெரியாது. அப்போது கேட்டவை பரிந்துரைகளைப் பாதிக்காமலும் இருக்கலாம். 'இருக்கலாம்' என்றுதான் நிறுவனமே சொல்கிறது, உறுதி தரவில்லை.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் நேரம். 6 மணி நேரம் எதுவும் கேட்காமல் விட்டால் இந்த அமர்வு தானாகவே முடிந்துவிடும். குழந்தையைத் தூங்கவைக்க இரவு 10 மணிக்கு இதை இயக்கித் தாலாட்டை ஓடவிட்டு, பின்னர் நிறுத்திவிட்டுத் தூங்கினால், காலையில் மறைப்பு விலகியிருக்கலாம். பகிர்வு திறந்திருந்தால் அதன் பிறகு ஓடுவது நண்பர்களுக்குத் தெரியும். அப்போது மீண்டும் தாலாட்டை ஓடவிட்டால், வரும் வாரப் பரிந்துரையிலும் தாலாட்டுகள் எட்டிப்பார்க்கலாம்.

பொதுவில் உள்ள பாடல் பட்டியலை இந்த அமர்வு மறைக்காது. அதைத் தனியாகத்தான் மறைக்க வேண்டும்.